சம்பந்தி போடாத ஸ்டாப்லாஸ்

சூலூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். பங்குச் சந்தையில் வாங்கவும் விற்கவும் ஆர்டர் போட்டுக் கொடுக்கும் இடம். பலகையில் ‘முதலீட்டு மையம்’ என்று எழுதியிருக்கும். முதலீடு செய்ய வருகிறவர்கள் வருஷத்துக்கு இரண்டு பேர். மற்றவர்கள் ஏசிக்கும் டீக்கும் வந்து உட்கார்ந்து, சந்தை மூடும்போது எதையாவது இழந்துவிட்டு எழுந்து போவார்கள். ஓனர் வெங்கடபதி அவர்களை ‘ஃபேமிலி’ என்பார். அவர்கள் ஜெயித்தாலும் அவருக்குக் கமிஷன், தோற்றாலும் கமிஷன். இப்படிப்பட்ட குடும்பம் எல்லாருக்கும் அமையாது.

நான் அங்கே டீலர். பி.காம். முடித்து, அதற்குரிய பரீட்சையும் எழுதிப் பாஸ் செய்தவள். எங்கள் வீட்டில் டிகிரி என்ற சாமானை முதலில் கொண்டுவந்தது நான்தான். எதை வாங்கலாம் எதை விற்கலாம் என்று ஆலோசனை சொல்ல எனக்கு உரிமை இல்லை, சொன்னதைப் போடுவதுதான் வேலை. ஆலோசனை சொல்ல உரிமை இல்லாத மற்ற எல்லாரும் அந்த அறையில் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பெரிய கஸ்டமர் காளிச்சாமி. விசைத்தறிக்காரர். அவருடைய தறிக்குடோனில்தான் என் அம்மா வெங்கடம்மாள் தறி ஓட்டுகிறாள். அந்தச் சாலையில் முன்பு ஆறு குடோன் ஓடியது. நான்கு பேர் தறியைக் கிலோக் கணக்கில் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். காளிச்சாமி தாக்குப்பிடித்ததற்குக் காரணம், அவர் அப்பா காலத்திலிருந்து சேர்த்து வைத்திருந்த பங்குகள். நூல் விலை ஏறி, துணி தேங்கி நிற்கும் மாதங்களில் அதில் கொஞ்சம் விற்றுக் கூலி கொடுப்பார். ஆக அந்தப் பங்குகள் இருக்கும்வரை தறி ஓடும். தறி ஓடும்வரை அம்மாவுக்கு வேலை. ஐம்பது வயதுக்கு மேல் அவளை வேறு யாரும் கூப்பிடப் போவதில்லை.

அந்தப் பங்குகளைத்தான் அவர் அடமானம் வைத்து, கொஞ்சம் ஈடு காட்டிப் பெரிய அளவில் வாங்கி விற்கும் ஃப்யூச்சர்ஸில் இறங்கினார்.

காரணம் மாப்பிள்ளை. காளிச்சாமியின் மகள் லோகப்பிரியாவுக்குப் பொள்ளாச்சிக் கொப்பரை வியாபாரி பங்காருவின் மகன் மனோஜ்குமாரைப் பேசி முடித்திருந்தார்கள். உப்புச்சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்ய நாள் குறித்தாகிவிட்டது, இன்னும் மாற்றவில்லை. எங்கள் பக்கத்தில் இந்த இடைவெளிதான் உலகத்திலேயே அதிக மரியாதை புழங்குகிற காலம். சம்பந்திகள் ஒருவரையொருவர் பார்த்தால் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, அவர் உட்காரும்வரை அப்படியே நிற்பார்கள். முட்டி வலி வந்தாலும் சரி.

மனோஜ்குமார் கோயம்புத்தூரில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் வகுப்பு போய் வந்திருந்தான். சார்ட்டில் கோடு போடக் கற்றுக் கொடுத்தார்களாம். ஒரு சிமெண்ட் கம்பெனிப் பங்கு. பேர் வேண்டாம், அந்தக் கம்பெனி ஒரு தப்பும் பண்ணவில்லை. மூன்று மாதமாக 600-க்கும் 640-க்கும் நடுவில் செக்கு மாடு போல நடந்துகொண்டிருந்தது. 640 போனால் விற்க ஆள் வந்துவிடும், 600 வந்தால் வாங்க ஆள் வந்துவிடும். மனோஜ்குமார் மேலே ஒரு சிவப்புக் கோடு, கீழே ஒரு பச்சைக் கோடு போட்டு, சிவப்பை உடைத்தால் ராக்கெட் என்று அறிவித்துவிட்டான்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு 640 உடைந்தது. 643, 646, 648. அறையே எழுந்து நின்றது. பங்காரு பொள்ளாச்சியிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார்.

நான் பார்த்தது வேறு. விலைக்குக் கீழே ஒரு பட்டை ஓடும், எவ்வளவு பங்கு கைமாறியது என்று சொல்லும். மூன்று மாதச் சுவரை இடிக்கிறார்கள் என்றால் அங்கே கூட்டம் வேண்டும். பட்டையோ சாதாரண நாளில் இருப்பதில் பாதிகூட இல்லை. மற்ற சிமெண்ட் பங்கெல்லாம் தூங்கிக்கொண்டிருந்தன. காளை ஓடுகிறது என்று காட்டி உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவதற்குப் பேர் புல் டிராப். இது அதுதான் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது என்று சொன்னால் பொய். உடைந்ததெல்லாம் பொய் இல்லை, சிலது நிஜமாகவே ஓடும். அதனால்தான் சாயங்காலம் எங்கே மூடுகிறது என்று பார்ப்பது. அன்றைக்கு 640-க்கு மேல் மூடி, அடுத்த நாள் இறங்கி வந்து அதே 640-ஐத் தொட்டு, அங்கே நின்று திரும்பினால், நேற்றைய கூரை இன்றைக்குத் தரையாகிவிட்டது என்று கொஞ்சம் நம்பலாம்.

இதைக் காளிச்சாமியிடம் மெதுவாகச் சொன்னேன். அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும், தலையை ஆட்டினார். அதற்குள் மனோஜ்குமார் என் பக்கம் திரும்பி, மூடும்வரை காத்திருந்தால் பஸ் போய்விடும், பஸ்ஸுக்குக் காத்திருந்து பழகினவர்களுக்கு இது புரியாது என்றான். நான் கருமத்தம்பட்டிப் பஸ்ஸில் வருகிறவள் என்பது அவனுக்குத் தெரியும். சிரித்தார்கள். பங்காருவும் மகன் பேச்சில் மயங்கி நாலு லாட் சொன்னார், லாட்டுக்குப் பல நூறு பங்கு. சம்பந்தி நாலு சொன்னால் காளிச்சாமி மூன்று சொல்ல முடியுமா? நாலு. ஐந்து சொன்னால் அவரை மட்டம் தட்டியது போலாகும். ஆகவே சரியாக நாலு. 648-லிருந்து இறங்கி 643 வந்தபோது வாங்கிப் போட்டேன்.

காளிச்சாமியிடம் ஒன்று மட்டும் பிடிவாதமாகக் கேட்டேன். தப்பாகப் போனால் எங்கே வெளியே வருவது? அன்றைக்குத் தாழ்ந்த விலை 634. அதற்குக் கீழே, 632-ல், தானாக விற்றுவிடும் ஸ்டாப்லாஸ் போடச் சொல்லிவிட்டார். போட்டேன். ஐந்து நிமிஷம் கழித்து என் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

“அம்மணி, அந்த ஸ்டாப்லாஸை எடுத்துப்போடு.”

“ஏனுங்ணா?”

“சம்பந்தி போடலியே. அவரு போடாம நான் போட்டா, மாப்பளை பேச்சுல எனக்கு நம்பிக்கை இல்லேன்னு ஆயிருமில்ல? நல்லாருக்குங்களா அது?”

எடுத்துவிட்டேன். சொன்னதைப் போடுவதும் சொன்னதை எடுப்பதும்தானே என் வேலை.

அன்றைக்கு 637-ல் மூடியது. 640 என்ற கூரைக்கு மேல் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்துவிட்டது. மனோஜ்குமார் இதை ‘ரீடெஸ்ட்’ என்றான். கோட்டுக்கு மேலே நின்று திரும்பினால்தான் அந்தப் பேர். கோட்டுக்குள்ளேயே விழுந்துவிட்டால் அதற்குப் பேர் விழுந்துவிட்டது. மறுநாள் 632-ஐத் தாண்டி இறங்கியது. அங்கே வெளியே வந்திருந்தால் ஒரு மாசத்து டீச்செலவு போல நினைத்துத் துடைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

இரண்டு பேரும் வெளியே வரவில்லை. காளிச்சாமி சம்பந்தியின் முகத்தைப் பார்த்தார். பங்காரு சம்பந்தியின் முகத்தைப் பார்த்தார். முதலில் விற்கிறவர் மற்றவர் வீட்டை அவமதித்தவர் ஆகிவிடுவார். “நீங்க எப்படீங்க நினைக்கறீங்க?” “இல்லீங்க, நீங்க சொல்லுங்க.” ஒரு வாரம் இந்த உபசாரம் நடந்தது. 625, 617, 608. கரடியும் காளையும் சேர்ந்து வந்தாலும் இவர்களை இவ்வளவு நேர்த்தியாகக் கட்டிப் போட்டிருக்க முடியாது. தினமும் நஷ்டம் கணக்கில் கழியும், ஃப்யூச்சர்ஸ் அப்படித்தான். அதற்காக அடமானத்தில் இருந்த பங்குகளில் ஒரு பகுதியை விற்க வேண்டி வந்தது. இன்னும் இப்படி ஒரு வாரம் போனால் தீபாவளிக்குத் தறி நிற்கும். அம்மா வீட்டில் எதுவும் கேட்கவில்லை. மொதலாளி குடோனுக்கு வருவதே இல்லை, வந்தாலும் செருப்பைக் கழற்றாமல் திரும்பிப் போய்விடுகிறார் என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த புதன்கிழமை சந்தை திறந்ததும் 600 உடைந்தது.

பச்சைக் கோடு. மூன்று மாதத் தரை. முதல் நிமிஷமே 597, பிறகு 594, 592. அன்றைக்குப் பங்காரு வரவில்லை, பொள்ளாச்சியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். மனோஜ்குமார் மட்டும் வந்திருந்தான். அவன் முகம் வெளிறி, பிறகு சட்டென்று தெளிந்தது. தெளிவு வந்தவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம். தரை போய்விட்டது, இனி 560, இருப்பதை விற்றுவிட்டு, கையில் இல்லாததையும் அதே அளவுக்கு விற்று, விலை விழுந்தபிறகு வாங்கி அடைத்துச் சம்பாதிக்க வேண்டும் என்றான். சொல்லிக்கொண்டே தன் போனில் எதையோ அழுத்தினான். அறையில் நாலைந்து பேர் என்னிடம் ஒரே குரலில் விற்கச் சொன்னார்கள். வெங்கடபதி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, கஸ்டமர் சொல்றதைப் போடு கண்ணு என்றார். அவருக்கு அன்றைக்கு நல்ல நாள்.

காளிச்சாமி என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எல்லாத்தையும் வித்துப்போடு அம்மணி. மாப்பளை சொல்ற மாதிரி இன்னும் நாலும் வித்துரு.”

நான் ஸ்க்ரீனைப் பார்த்தேன். கீழே பட்டை இந்த முறை தென்னை மரம் போல நின்றது. அத்தனை பேர் விற்கிறார்கள். ஆனால் 592-க்குக் கீழே விலை இறங்கவில்லை. இத்தனை மூட்டையை ஊரே கொண்டுவந்து கொட்டியும் விலை இறங்கவில்லை என்றால், யாரோ கொட்டினதையெல்லாம் வாரிக்கொண்டு போகிறார்கள் என்று அர்த்தம். எல்லாருடைய ஸ்டாப்லாஸும் 600-க்குக் கீழேதான் கிடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதை உதிர்த்துப் பொறுக்கத் தெரிந்தவர்களுக்கும் தெரியும். கரடி வந்துவிட்டது என்று கத்தி, பயந்தவன் சரக்கைப் பொறுக்குவதை ‘பேர் டிராப்’ என்பார்கள். இதுவும் அதுவாக இருக்கலாம். நிஜமாகவே இடிந்ததாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. அந்த அறையில் தெரியாது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

உரிமை இல்லாததைச் சொன்னேன்.

“ஏனுங்ணா, நாலுல ரெண்டை மட்டும் விக்கறனுங்க. மிச்சம் ரெண்டுக்கு ஒரு மணி நேரம் பார்ப்போம். பத்தேகாலுக்கும் அறநூறுக்குக் கீழயே இருந்துச்சுன்னா கேக்காம வித்துப்போடறேன். மேல வந்துருச்சுன்னா இன்னைக்கு எங்க தொட்டுச்சோ அதுக்குக் கீழ ஸ்டாப்லாஸ். புதுசா ஒண்ணும் விக்க வேண்டாமுங்க.”

“அது இன்னும் எறங்குச்சுன்னா?”

“எறங்குனா பாதிதான நட்டம். பாதி நட்டத்தைத் தாங்குவீங்க. முழுசுக்குத்தான் கை இப்படி நடுங்குது.”

அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு பழக்கதோஷமாகச் சம்பந்தி எப்படி நினைப்பாரோ என்று ஆரம்பித்தார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

“உங்க தறி நின்னுபோச்சுன்னா சம்பந்தி வந்து ஓட்டுவாருங்களா? எங்கம்மாதான் ஓட்டோணும்.”

மனோஜ்குமார் போனிலிருந்து தலையைத் தூக்கினான். வெங்கடபதி கதவைச் சாத்திக்கொண்டார். பெரிய கஸ்டமரிடம் இப்படிப் பேசின என்னை அன்று சாயங்காலமே வேலையை விட்டு அனுப்பலாம் என்று யோசித்திருப்பார். காளிச்சாமி இரண்டு விரலைக் காட்டினார். இரண்டை 593-ல் விற்றேன்.

அன்றைக்கு விற்றவர்கள் எல்லாருடைய விலையிலும் அது ஏறக்குறைய மிக மோசமான விலை. அதற்காக நான் வருத்தப்படவில்லை. அந்த இரண்டை விற்றிருக்காவிட்டால் மிச்ச இரண்டை வைத்துக்கொண்டு அவரால் நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியாது. டீ வரவழைத்துக் கொடுத்தேன். ஸ்க்ரீனை அவர் பக்கமிருந்து திருப்பி வைத்தேன்.

பத்து மணிக்கு முன்பே 600-ஐத் தாண்டி மேலே வந்தது. பத்தேகாலுக்கு 604. விற்றவர்கள் பதறித் திரும்ப வாங்க, அவர்கள் வாங்கியதில் இன்னும் ஏறியது. சொன்னபடி, அன்று தொட்ட 592-க்குக் கீழே 590-ல் ஸ்டாப்லாஸ் போட்டேன். இந்த முறை எடுக்கச் சொல்ல சம்பந்தி ஊரில் இல்லை. 611-ல் மூடியது. மறுநாள் ஏற ஏற ஸ்டாப்லாஸையும் மேலே நகர்த்தினேன். வெள்ளிக்கிழமை 630-ல் மூச்சு வாங்கியபோது காளிச்சாமியே விற்கச் சொன்னார். மொத்தத்தில் நஷ்டம்தான். வலிக்கிற நஷ்டம், ஆனால் தறியைத் தொடாத நஷ்டம். மிச்சப் பங்குகள் அடமானத்திலிருந்து வெளியே வந்தன.

பங்காருவும் தப்பினார். புதன்கிழமை லோடு சத்தத்தில் அவர் போனையே எடுக்கவில்லை, விஷயம் தெரியும்போது 611. இதைத்தான் அவர் இன்றைக்கும் நிதானம் என்று சொல்லிக்கொள்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் உப்புச்சர்க்கரை மாற்றினார்கள். அம்மாவுக்கும் எனக்கும் அழைப்பு. தறி ஓட்டுகிறவர்களுக்கு மூன்றாம் பந்தி. வந்திருந்த ஒறம்பரை, சொந்தபந்தம் முழுக்க ஒரே பேச்சு: சந்தை கவிழ்ந்த அன்றைக்கு எல்லாரும் அலறி அடித்து விற்றபோது, மாப்பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்து மாமனாரைக் காப்பாற்றிவிட்டாராம். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது உண்மை. காளிச்சாமி அதை மறுக்கவில்லை. பந்தி விசாரிக்க வந்து என்னைப் பார்த்தபோது மட்டும் கண்ணை என் இலைக்குத் திருப்பினார். அது நன்றியா வெட்கமா என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. என் வேலை போகவில்லை. வெங்கடபதியிடம் அவர் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு முழங்கையை இடித்து, வாயைத் திறக்காதே என்றாள்.

அப்போதுதான் காளிச்சாமி மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். இனிமேல் பங்குக் கணக்கு முழுக்க மாப்பிள்ளை கையில். அவர் பார்த்துக்கொள்வார், வயசான காலத்தில் எனக்கு எதுக்கு. எல்லாரும் தலையாட்டினார்கள். அம்மா ரசம் ஊற்றுவதற்குச் சோற்றில் குழி செய்துகொண்டிருந்தாள். அவள் தறி எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கை கழுவுமிடத்தில் மனோஜ்குமார் வந்து நின்றான். பட்டுச் சட்டை, நெற்றியில் சந்தனம். அக்கம்பக்கம் பார்த்தான். சில பெண்கள் கடந்து போகும்போது, அவர்கள் காதில் விழும்படி புல் டிராப், பேர் டிராப் என்றால் என்ன என்று எனக்கு விளக்க ஆரம்பித்தான். சைக்காலஜியாம். பொறுமைதான் முக்கியமாம். அவர்கள் மறைந்ததும் குரல் மாறியது.

“ஏனுங்க…”

என்னை அவன் ஒருமுறைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

“நான் அன்னைக்கு ஐநூத்தித் தொண்ணூத்திமூணுல வித்துப்போட்டனுங்க. என் ஆப்ல. நாலு லாட்டு. இன்னும் அப்படியே கெடக்குது. தெனமும் காசு போடச் சொல்லி மெசேஜ் வருது. அப்பாகிட்டச் சொல்ல முடியாதுங்க. திரும்பவும் அறநூறுக்கு வருமுங்களா?”

“எந்த விலைக்கு மேல போனா தப்புன்னு நெனச்சு வித்தீங்க?”

அவன் அதை நினைக்கவே இல்லை.

வருமா வராதா என்று எனக்குத் தெரியாது என்றேன். ஆனால் உடைந்த கோட்டுக்கு மேலே விலை திரும்பி வந்த அன்றைக்கே அவனுடைய காரணம் செத்துவிட்டது. செத்ததைக் கட்டிக்கொண்டு அழுவதற்குத் தினம் காசு கட்டுகிறான். “நாளைக்குக் காலைல எல்லாத்தையும் திரும்ப வாங்கி மூடிப்போடுங்க. எப்படிச் சமாளிக்கறதுன்னு நான் கூட இருந்து பார்க்கறேன். ஆனா ஒண்ணு.”

“சொல்லுங்க.”

“அந்தப் பங்குக் கணக்கு உங்க கைக்கு வரக் கூடாது. இப்பவே போய்ச் சொல்லுங்க.”

“மாமா தப்பா நெனச்சுக்குவாருங்களே.”

“அப்ப நான் போய்ச் சொல்லட்டுங்களா, உங்க ஆப்ல என்ன கெடக்குதுன்னு?”

அவன் போனான். நான் ஈரக் கையோடு தூணோரம் நின்று பார்த்தேன். சம்பந்திகள் இரண்டு பேரும் அவனைக் கண்டதும் பாதி எழுந்தார்கள். அவன் குனிந்து, கையைக் கட்டிக்கொண்டு, அதெல்லாம் நீங்களே பார்த்துக்கோங்க மாமா, உங்க அனுபவம் எனக்கு வராதுங்க என்றான். குரல் உடைந்தே போய்விட்டது. பயத்தில்தான்.

காளிச்சாமிக்குக் கண் கலங்கியது. பங்காருவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பார்த்தீங்களா சம்பந்தி? காப்பாத்திக் குடுத்துட்டு, வேண்டாங்கறாரு. இப்படி ஒரு அடக்கம் யாருக்குங்க வரும்?”

சுற்றி நின்றவர்கள் ஆமோதித்தார்கள். அம்மா பக்கத்தில் வந்து நின்று, தங்கமான பையன் என்றாள். நாளைக்குக் காலை ஷிஃப்டுக்கு நேரமாகிறது, பஸ்ஸைப் பிடிக்கலாம் வா என்று என்னை இழுத்துக்கொண்டு படியிறங்கினாள்.